நீலப் புள்ளி எங்கே தடுமாறுகிறது: மணிக்கூண்டுகளை வைத்து ஜிபிஎஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது

வரைபடத்தில் நீலப் புள்ளி தப்பான இடத்தில் நின்றால் பெரும்பாலும் நாம் செய்வது, ஆப்பை மூடித் திறப்பது. அதுவும் பலிக்காவிட்டால் போனையே அணைத்துப் போடுவது. சில நேரம் சரியாகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த முறையும் அதே குழப்பம்தான். ஜிபிஎஸ் கோளாறுகளில் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. புள்ளி வரவே தாமதமாவது ஒரு நோய், வந்த புள்ளி தாவுவது வேறு நோய், தேதி மட்டும் தப்பாக இருப்பது முற்றிலும் வேறு. அடையாளத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல, இடம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது மட்டும் புரிந்தால் போதும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மணிக்கூண்டுகள்

ஒரு பெரிய சமவெளியில் கடும் மூடுபனி. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கங்கே மணிக்கூண்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில், சரியாக 6 மணிக்கு ஒரு முறை அடிக்கும். ஒவ்வொன்றின் ஓசையும் தனி என்பதால் எந்தக் கூண்டின் மணி என்று உங்களுக்குத் தெரியும். அது எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 6 மணி தாண்டி 3 நொடி கழித்து ஒரு மணியோசை கேட்டால், அந்தக் கூண்டு 1,020 மீட்டர் தள்ளி இருக்கிறது. இப்படி ஒவ்வொரு கூண்டிலிருந்தும் தூரம் தெரிந்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கவனியுங்கள், மணி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே இங்கே தேவைப்படவில்லை. நேரம் மட்டும்தான்.

சிக்கல் எங்கே என்றால், கூண்டுகளின் கடிகாரம் துல்லியம். உங்கள் கைக்கடிகாரம் அப்படி இல்லை. அது எவ்வளவு பிசகியிருக்கிறது என்றும் உங்களுக்குத் தெரியாது. இதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் ஜிபிஎஸ்ஸின் உயிர்நாடி. கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

நேரான ஒரு சாலை. அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு கூண்டுகள், இடையே 3,400 மீட்டர். நீங்கள் நடுவில் எங்கோ நிற்கிறீர்கள். உங்கள் கைக்கடிகாரப்படி முதல் கூண்டின் மணி 6 மணி 6 நொடிக்குக் கேட்கிறது, இரண்டாவது 6 மணி 10 நொடிக்கு. அப்படியே நம்பினால் முதல் கூண்டு 2,040 மீட்டர், இரண்டாவது 3,400 மீட்டர். கூட்டினால் 5,440. ஆனால் சாலையின் மொத்த நீளமே 3,400தானே! 2,040 மீட்டர் அதிகமாக வருகிறது, அதாவது 6 நொடி. உங்கள் கைக்கடிகாரத்தின் பிசகு இரண்டு அளவிலும் ஒரே மாதிரிதான் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொன்றிலும் 3 நொடி. உங்கள் கடிகாரம் 3 நொடி முந்தி ஓடுகிறது. அதைக் கழித்துவிட்டால் உண்மையான தாமதம் 3 நொடியும் 7 நொடியும். தூரம் 1,020, 2,380. கூட்டினால் 3,400. கணக்குச் சரி.

சாலையில் இடம் சொல்ல ஒரே ஓர் எண் போதும். அதற்கு ஒரு கூண்டு, கடிகாரப் பிசகைக் கண்டுபிடிக்க இன்னொரு கூண்டு. நிஜ உலகில் இடத்துக்கு மூன்று எண்கள் வேண்டும்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம். கடிகாரப் பிசகையும் சேர்த்தால் நான்கு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை என்று சொல்வது இதனால்தான்.

வானத்துக் கூண்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒலிக்குப் பதில் ரேடியோ சிக்னல், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். நேர் மேலே இருக்கும் கோளிலிருந்துகூட சிக்னல் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். இங்கே ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். கோள்களில் அணுக் கடிகாரம் இருக்கிறது. போனில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். அதனால் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரப் பிசகைக் கணக்கிட்டுக் கழித்துக்கொண்டே இருக்கிறது போன்.

சரி, இனி கோளாறுகளுக்கு வருவோம். கூடவே ஆண்ட்ராய்டு போனில் `GPSTest` என்ற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கோள் காதில் விழுகிறது, எவ்வளவு பலமாக விழுகிறது என்று அது காட்டும். ஐபோன் இந்த விவரங்களை ஆப்களுக்குக் கொடுப்பதில்லை. அங்கே அடையாளத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அடையாளம்: வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் புள்ளி வேறு ஊரில் நிற்கிறது

இதில் ஜிபிஎஸ்ஸுக்குப் பங்கே இல்லை. கூரைக்குக் கீழே மணியோசை சரியாகக் கேட்காதபோது, போன் அருகிலுள்ள வைஃபை ரூட்டர்களின் அடையாளத்தை வைத்து இடத்தை ஊகிக்கிறது. வீடு மாறும்போது ரூட்டரையும் எடுத்து வந்திருந்தால், அந்த ரூட்டர் இன்னும் பழைய முகவரியிலேயே பதிவாகியிருக்கும். வெட்டவெளிக்குப் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். புள்ளி சரியான இடத்துக்கு வந்துவிட்டால் காரணம் இதுதான். பதிவு நாளடைவில் தானே திருந்திவிடும்.

அடையாளம்: புள்ளி வரவே பல நிமிடங்கள் ஆகின்றன, வந்த பிறகு எல்லாம் ஒழுங்கு

மேலே ஒரு விஷயத்தை எளிதாகத் தாண்டிவிட்டேன்: கூண்டு எங்கே நிற்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்று. வானத்துக் கூண்டுகள் நிற்பதே இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கூண்டும் மணி அடிப்பதோடு, தான் இப்போது எந்தப் பாதையில் போகிறது என்பதையும் தானே சொல்ல வேண்டும். மணியோசை கேட்டால் மட்டும் போதாது, இந்த முகவரியும் கையில் இருந்தால்தான் கணக்குப் போட முடியும்.

அதை அது சொல்லும் வேகம்தான் பிரச்சினை. ஜிபிஎஸ் கோளின் பழைய, இன்றும் பயன்படும் சிக்னல் நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் பேசுகிறது. 30 நொடிக்கு ஒரு சுற்று. அதை 6 நொடித் துண்டுகள் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். கோளின் முகவரி முதல் மூன்று துண்டுகளில் வரும். அதாவது ஓசை ஒரு நொடிகூட அறுபடாமல் கேட்டாலே முகவரியைப் படித்து முடிக்க அரை நிமிடம் போய்விடும். நடுவில் நீங்கள் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே நுழைந்தீர்கள், ஒரு துண்டு தவறிப்போனது என்றால், அந்தத் துண்டு மீண்டும் வர அடுத்த 30 நொடிச் சுற்று வரை காத்திருக்க வேண்டும். நான்கு கோள்களின் முகவரியும் இப்படிக் கிடைத்தாக வேண்டும்.

சாதாரணமாக இது நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், முகவரிப் பட்டியலைப் போன் இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. நெட்வொர்க் இல்லாத மலைப்பகுதியிலோ, டேட்டாவை அணைத்து வைத்திருக்கும்போதோ அந்தக் குறுக்குவழி இருக்காது. ஒருமுறை வாங்கிய முகவரியும் நான்கு மணி நேரம் போலத்தான் நம்பகமாக இருக்கும்.

`GPSTest`-இல் ஒவ்வொரு கோளுக்கும் எதிரே `A`, `E`, `U` என்ற எழுத்துகள் வரும் பத்தி ஒன்று உண்டு. `E` என்றால் அந்தக் கோளின் துல்லியமான முகவரி கிடைத்துவிட்டது, `U` என்றால் கணக்கில் அது பயன்படுகிறது. சிக்னல் பலம் நன்றாக இருக்கிறது, ஆனால் பல வரிசைகளில் `E` இல்லை என்றால் நோய் இதுவேதான்: மணி கேட்கிறது, முகவரி தெரியவில்லை.

தீர்வு இரண்டு. ஒரு நிமிடம் மொபைல் டேட்டாவை ஆன் செய்யுங்கள். அது முடியாத இடம் என்றால் வானம் திறந்திருக்கும் இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பொறுமையிழந்து ஆப்பை மூடித் திறப்பதுதான் இங்கே மிகவும் கெடுதல். இடம் கேட்கும் ஆப் எதுவும் இல்லை என்றால் ரிசீவர் கேட்பதை நிறுத்திவிடும். அது பாதிவரை படித்த முகவரி வீணாகும்.

அடையாளம்: நின்ற இடத்தில் நிற்கிறீர்கள், புள்ளி மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் தாவுகிறது

உயரமான கட்டடங்களுக்கு நடுவே இது நடக்கிறது என்றால் காரணம் எதிரொலி. நிதானமாகப் பார்க்க வேண்டிய கோளாறு இது. ஏனென்றால் போனுக்கு இதில் எந்தப் பிழையும் தெரிவதில்லை. தப்பான இடத்தை அது முழு நம்பிக்கையோடு காட்டும்.

தெற்கு வடக்காகப் போகும் ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் மேற்குப் பக்க நடைபாதையில், ஓர் உயரமான கட்டடத்தை ஒட்டி நிற்கிறீர்கள். எதிரே, 20 மீட்டர் தள்ளி, கிழக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர். மேற்கு வானில், தரையிலிருந்து 45 பாகை உயரத்தில் ஒரு கோள் இருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கட்டடம் அதை மறைத்துவிட்டது, நேரடி ஓசை வராது. ஆனால் அதே ஓசை உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் பட்டு உங்களிடம் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றுவழியால் கூடும் தூரம், 20 மீட்டரின் இரு மடங்கை 45 பாகையின் கோசைனால் பெருக்கினால் வருவது: சுமார் 28 மீட்டர்.

போனுக்கு இது எதிரொலி என்று தெரியாது. மேற்கே இருக்கும் கூண்டு 28 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மேற்குக் கூண்டு தூரமாகிவிட்டது என்றால் நீங்கள் கிழக்கே நகர்ந்துவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம்? மற்ற கோள்களின் கணக்கும் சேர்வதால் முழு 28 மீட்டர் நகர்வதில்லை. பாதி நகர்ந்தாலும் போதும், புள்ளி எதிர் நடைபாதைப் பக்கம் போய்விடும். வாடகைக் கார் ஓட்டுநர் சாலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு உங்களைத் தேடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உறுதிசெய்ய, ஆப்பின் வான வரைபடத்தைப் பாருங்கள். கட்டடம் மறைக்கும் பக்கத்தில், தாழ்வாக இருக்கும் கோள் ஒன்று `U` என்று காட்டினால் அது எதிரொலிதான். நேரடி ஓசை அங்கிருந்து வரவே முடியாதே. அதன் சிக்னல் பலத்தைச் சொல்லும் `C/N0` எண்ணும் நீங்கள் அசையாமல் நிற்கும்போதே ஏறி இறங்கும்.

நாற்சந்திக்கு நகர்ந்தால் வானம் நான்கு பக்கமும் திறக்கும், பெரும்பாலும் அதுவே போதும். புதிய போன் வாங்கப் போகிறவர்கள் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். ஆப்பில் அது `L1`, `L5` என்று தெரியும். `L1` சிக்னலின் ஒரு துடிப்பு 293 மீட்டர் நீளம் என்றால் `L5` துடிப்பு 29 மீட்டர்தான். நீளமாக இழுத்து ஒலிக்கும் மணியில் எதிரொலி கலந்து ஒன்றாகிவிடும். நறுக்கென்று ஒலிக்கும் மணியில் நேர் ஓசை முதலில், எதிரொலி பிறகு என்று பிரித்துக் கேட்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மேலே சொன்ன உதாரணத்தில் நேர் ஓசை வரவே இல்லை, எதிரொலி மட்டும்தான் வந்தது. பிரிப்பதற்கு எதுவும் இல்லாதபோது `L5`-ம் ஏமாறத்தான் செய்யும்.

அடையாளம்: புள்ளியைச் சுற்றி நீல வட்டம் பெரிதாக இருக்கிறது, உயரம் பொருந்தவே இல்லை

எதிரொலி இல்லை, சிக்னலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வட்டம் சுருங்கவில்லை. கூண்டுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். பால்கனியில் நின்றால் பாதி வானம்தான் தெரியும். கூண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால், ஒவ்வொன்றிலும் வரும் சின்னப் பிழைகூட இடத்தில் பெரிதாகிவிடும். இந்தப் பெருக்கத்துக்கு ஓர் எண் உண்டு, ஆப்பில் `PDOP` என்று தெரியும். கிடைமட்டத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனி எண்களும் பக்கத்திலேயே இருக்கும். தூரத்தில் 3 மீட்டர் பிழை, கிடைமட்ட எண் 1 என்றால் இடத்திலும் 3 மீட்டர். அதே எண் 5 என்றால் 15 மீட்டர். `PDOP` 2-க்குக் கீழே இருந்தால் நன்று, 6-ஐத் தாண்டினால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

உயரம் எப்போதுமே கொஞ்சம் மோசமாகத்தான் வரும். கூண்டுகள் எல்லாம் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. எல்லா மணியும் ஒன்றுபோலத் தாமதமாகக் கேட்டால், கைக்கடிகாரம் முந்தி ஓடுகிறதா அல்லது நீங்கள் கொஞ்சம் பள்ளத்தில் நிற்கிறீர்களா என்று பிரிப்பது கடினம். இதுபோகக் கடற்கரையில் நிற்கும்போது உயரம் மைனஸில் காட்டினால் பதற வேண்டாம். ஜிபிஎஸ் கணக்கிடுவது, பூமிக்குப் பொருத்தமாக வரையறுத்த ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து உயரம். கடல்மட்டம் அதோடு ஒத்துப்போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது நீள்கோளத்துக்கு 106 மீட்டர் வரை கீழே இருக்கிறது. உலகிலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான். ஆப்பில் கடல்மட்ட உயரம் காட்டும் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடையாளம்: வெளியே எல்லாம் சரி, காருக்குள் மட்டும் தகராறு

நம் கைக்கு வந்து சேரும்போது ஜிபிஎஸ் சிக்னலின் பலம் ஒரு வாட்டின் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அத்தனை மெல்லிய மணியோசை. இரண்டு வழிகளில் அது கெடலாம்: நடுவில் தடுப்பு, அல்லது காதருகே இரைச்சல். இரண்டையும் பிரிக்க எளிய வழி இருக்கிறது. திறந்த வெளியில் நல்ல கோள்களின் `C/N0` 35 முதல் 45 வரை இருக்கும். காருக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கோள்கள் மட்டும் விழுந்தால் அது தடுப்பு. சில கார்களில் வெயிலைத் தடுக்க முன் கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாத சின்ன இடம் விட்டிருப்பார்கள். போனை அதற்கு நேரே வைத்துப் பாருங்கள்.

எல்லாக் கோள்களும் ஒரே நொடியில், ஒன்றுபோல விழுந்தால் அது இரைச்சல். பெரும்பாலும் டேஷ்கேம் அல்லது மலிவான சார்ஜர். எண்களைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண்கள் சட்டென்று ஏறுகின்றனவோ, அதுதான் குற்றவாளி. அதையும் அதன் ஒயரையும் ஓரிரு அடி தள்ளி வைத்தாலே பல நேரம் போதும்.

அடையாளம்: இடம் சரி, நேரம் சரி, தேதி மட்டும் சுமார் இருபது வருடம் பின்னால்

பழைய கார் நேவிகேட்டர்களிலும் பயணப் பதிவுக் கருவிகளிலும் வருவது. கூண்டுகள் வருடம் சொல்வதில்லை, வார எண் சொல்கின்றன. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண் அது. பழைய சிக்னலில் அதற்கு 10 பிட்தான் ஒதுக்கினார்கள். 1,023-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். இது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியின் மென்பொருள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகம் எந்த வருடம் வரை செல்லும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அதனால் சில கருவிகள் 2019-க்குப் பிறகும் திடீரென்று பின்னால் போகின்றன.

வார எண் எல்லாக் கோள்களுக்கும் ஒன்றாகவே தப்புவதால் தூரக் கணக்கு பாதிக்கப்படுவதில்லை. புள்ளி சரியாகவே நிற்கும். மென்பொருள் அப்டேட் கிடைத்தால் போடுங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட கருவி என்றால், ஏற்கெனவே எடுத்த பதிவுகளையாவது மீட்கலாம். பிழை எப்போதும் மிகச் சரியாக 1,024 வாரம், அதாவது 7,168 நாள். லினக்ஸில் ஒரு தேதியைத் திருத்த:

```
date -d "1999-08-22 + 7168 days" +%F
```

விடை `2019-04-07` என்று வரும். பதிவில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் இதே எண்ணைக் கூட்டுங்கள். மணி, நிமிடம், நொடி எதையும் தொட வேண்டாம், அவை சரியாகத்தான் இருக்கின்றன.